சித்தப்பாவின் காசோலையும் மூன்று தேதிகளும்

கோத்தகிரியில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். பச்சை இலைக்கான பணத்தைத் தொழிற்சாலை காசோலையாகக் கொடுக்கும். 2025 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மாலை 73,000 ரூபாய்க் காசோலையை வங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். போட்டது அவருடைய ஓவர்டிராஃப்ட் கணக்கில். அதில் அப்போது 1,90,000 கடன் நின்றது; வரம்பு இரண்டு லட்சம்.

மறுநாள் இரண்டாம் சனி, அப்புறம் ஞாயிறு. திங்கள் காலையில்தான் காசோலை ஸ்கேன் ஆனது. இப்போது காசோலைத் தாள் மலை இறங்குவதில்லை, அதன் படம்தான் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் படங்கள் கட்டுக்கட்டாகக் காத்திருக்காமல் பகல் முழுக்கத் தொடர்ந்து போகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவின் காசோலையும் திங்கள், 10-ஆம் தேதியே தேறிவிட்டது. ஆனால் மழையில் கிளையின் இணைப்பு போய்விட்டதால், கணக்கில் வரவு ஏறியது செவ்வாய் மதியம்.

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தவர் என்னிடம் நீட்டினார்: "வெள்ளிக்கிழமையே போட்டேன். இதுல ஒரு இடத்துல 10, ஒரு இடத்துல 11. எதைடா நம்புறது?"

7 என்பது அவர் காசோலையைப் போட்ட நாள், அதாவது பரிவர்த்தனைத் தேதி. அது அவர் கையிலிருந்த அடிக்கட்டையில் மட்டும்தான் இருந்தது. 11 பதிவுத் தேதி, அதாவது வங்கி தன் கணக்கில் வரவை எழுதிய நாள். 10 தான் மதிப்புத் தேதி. 'வேல்யூ டேட்' என்று வங்கியில் சொல்வார்களே, அது. பணம் எந்த நாளிலிருந்து உங்களுடையதாக எண்ணப்படுகிறது என்பதைச் சொல்வது அது மட்டுமே. (எல்லா வங்கியும் மூன்றையும் அச்சடிப்பதில்லை. சில இடங்களில் பரிவர்த்தனைத் தேதி என்ற தலைப்பில் இருப்பதே பதிவுத் தேதிதான்.)

வட்டிக்கு மதிப்புத் தேதிதான் கணக்கு. ஒவ்வொரு நாள் முடிவிலும் நிற்கும் தொகைக்கு வட்டி போடுவார்கள். ஓவர்டிராஃப்ட் வட்டி ஆண்டுக்கு 10% என்று வைத்துக்கொண்டால், 73,000-க்கு ஒரு நாள் வட்டி சரியாக 20 ரூபாய். 7, 8, 9 ஆகிய மூன்று நாளுக்கும் 60 ரூபாய் சித்தப்பா கட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பணம் இன்னும் தொழிற்சாலையின் கணக்கில்தான் இருந்தது. 10-ஆம் தேதிக்குக் கட்ட வேண்டியதில்லை. வரவு ஏறியது 11 அன்று என்றாலும், கணினி பின்னோக்கிப் போய் 10-ஆம் தேதி இறுதி நிலுவையைத் திருத்திக்கொள்ளும். மதிப்புத் தேதிப் பத்தியிலும் 11 என்று விழுந்திருந்தால் இன்னொரு 20 ரூபாய் போயிருக்கும்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பத்தியில் ஓடும் நிலுவை பதிவு வரிசைப்படி அச்சாவது. அதை வைத்து வட்டியைச் சரிபார்த்தால் ஒத்து வராது. வரவு செலவை மதிப்புத் தேதி வரிசையில் மறுபடி எழுதி, நாள்தோறும் கூட்டிப் பார்த்தால்தான் ஒத்து வரும்.

இருபது ரூபாய்தானே என்று தோன்றும். 2010 ஏப்ரலுக்கு முன்னால் சேமிப்புக் கணக்கில் இதே ஒரு நாள் எவ்வளவு தின்றிருக்கும் தெரியுமா? அப்போது மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த நிலுவைக்குத்தான் வட்டி. பணம் 10-க்குப் பதில் 11 அன்று வந்ததாக எண்ணப்பட்டால் அந்த மாத வட்டியே கிடையாது. அன்றைய 3.5 சதவீதத்தில் 73,000-க்கு அது சுமார் 213 ரூபாய். அந்த ஏப்ரல் 1 முதல்தான் சேமிப்புக் கணக்குக்கும் தினசரி நிலுவைக் கணக்கு வந்தது.

சரி, சித்தப்பாவின் உண்மையான கோபம் வட்டியில் இல்லை. உரக்கடைக்கு அவர் கொடுத்திருந்த 25,000 ரூபாய்க் காசோலை 11 காலையில் வந்து, பணம் போதவில்லை என்று திரும்பிவிட்டது. "10-ஆம் தேதியே பணம் வந்துடுச்சுன்னு இவங்களே அச்சடிச்சிருக்காங்க. அப்புறம் எப்படித் திருப்புனாங்க?"

வட்டியைப் பின்னோக்கித் திருத்தலாம். காசோலைக்கு அந்த வசதி இல்லை. அது வந்து நிற்கும் நேரத்தில் எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்று மட்டும்தான் கணினி பார்க்கும். 11 காலையில் வரம்பில் மிச்சம் இருந்தது 10,000. தேறாத காசோலைத் தொகை கணக்கில் முன்கூட்டியே வரவாகத் தெரிந்தாலும் இதே கதைதான், அதை எடுக்க முடியாது. அந்தக் காசோலை திரும்பிவிட்டால், வரவை ரத்து செய்யும் பதிவுக்கும் பழைய மதிப்புத் தேதியையே போடுவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி லாபம் நிற்காது.

சித்தப்பாவிடம் ஸ்டேட்மென்ட்டின் அந்த ஒரு வரியையும், திரும்பிய காசோலையோடு வந்த சீட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகச் சொன்னேன். 10-க்கும் 11-க்கும் நடுவிலான தாமதம் வங்கியுடையது என்பதற்கு அவர்கள் அச்சடித்த இரண்டு தேதிகளே சாட்சி. திருப்பியதற்காகப் பிடித்த கட்டணத்தை மேலாளர் திரும்ப வரவு வைத்தார். அதற்கும் மதிப்புத் தேதி 11 என்றே போட்டிருந்தார். உரக்கடைக்காரரிடம் மட்டும் சித்தப்பா நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது.