மேன்பவர் ஆளுக்கு ஈ.பி.எஃப். யார் கட்டுவது?

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை அனுப்பியது திருகோணமலை நகரில் உள்ள ஒரு மேன்பவர் கொம்பனி. சம்பளம் 40,000 ரூபாய். சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 3,200 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது, அதாவது 8 சதவீதம். அதற்கு மேல் தொழில்தருநர் தன் பையிலிருந்து 12 சதவீதம், 4,800 ரூபாய் போட வேண்டும். ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், 1,200 ரூபாய். இதுவும் தொழில்தருநருடையதே, ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்க முடியாது. ஆக, மாதம் 9,200 ரூபாய் அவர் பெயருக்குப் போக வேண்டும். தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம் என்ற பெயரெல்லாம் இதை மாற்றாது; முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

பிரச்சினை, தொழில்தருநர் யார் என்பதில்தான். மேன்பவர் ஆட்களுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழில்தருநர் என்ற சொல்லை அகலமாகவே வைத்திருக்கிறது: வேலைக்கு அமர்த்துபவர், யாருக்காக இன்னொருவர் அமர்த்துகிறாரோ அவர், இருவரும் அதற்குள் வருகிறார்கள். நியமனக் கடிதம் கொடுத்துச் சம்பளமும் கொடுப்பது மேன்பவர் கொம்பனி என்றால் முதலில் கட்ட வேண்டியது அதுதான். ஆனால் ரோஸ்டர் போடுவது, லீவு கொடுப்பது, பிழை விட்டால் கூப்பிட்டு ஏசுவது எல்லாம் ஹோட்டல் மேலாளர் என்றால், "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று ஹோட்டல் சொல்வது எளிதில் எடுபடாது. நியமனக் கடிதம் ஒரு சான்று மட்டுமே, உண்மையில் வேலை நடக்கும் விதத்தைத்தான் பார்ப்பார்கள்.

"நிதிப் பங்களிப்புகளுக்கு ஹோட்டல் பொறுப்பல்ல" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அது இரு கொம்பனிகளுக்கு இடையிலான கணக்கு. துப்புரவு செய்பவர் அதில் கையெழுத்துப் போடவில்லை, அவருடைய உரிமையை அது வெட்டாது. புத்தியுள்ள ஹோட்டல் என்றால் அடுத்த மாத பில்லுக்குக் காசு கொடுக்குமுன், போன மாதம் கட்டிய ரசீதையும் பெயர்வாரிப் பட்டியலையும் கேட்டு வாங்கி, தன் நுழைவாயில் வருகைப் பதிவோடு ஒப்பிடும். பன்னிரண்டு பேர் வேலை செய்த மாதத்தில் பட்டியலில் ஏழு பேர் இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஊழியர் பார்க்க வேண்டியது, சிட்டையில் உள்ள தன் ஈ.பி.எஃப். இலக்கம். அதில் தொழில்தருநரின் பதிவிலக்கமும் உங்கள் அங்கத்துவ இலக்கமும் சேர்ந்திருக்கும். இலக்கமே இல்லாமல் காசு மட்டும் கழிக்கப்பட்டால் உடனே விசாரிக்க வேண்டும். ஒரு மாதப் பணம் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். அதைக் கட்டாதவரே சுமக்க வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

சரி, கட்டவில்லை என்று தெரிந்தால்? திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கொம்பனி, ஹோட்டல் இரண்டின் பெயரையும் எழுதுங்கள். பலர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, அது பூட்டிக்கொண்டு போனபின் தவிக்கிறார்கள். சம்பளச் சிட்டை, ரோஸ்டர் படம், மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பெயர் அட்டைப் பிரதி எல்லாம் இணையுங்கள். தொழில் அலுவலர் விசாரித்து நிலுவை கணக்கிடுவார். அதன்பிறகும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம்.