முத்திரை அல்ல, உடன்பெயர்

வரைபடப் பயிற்சித் தாள்களில், கோட்டின் பக்கத்திலேயே அதன் பெயரை எழுதும் ‘டைரக்ட் லேபிள்’ என்பதை ‘நேரடி முத்திரை’ என்று எழுதுகிறார்கள். பினாங்கில் ஆசிரியர்களுக்கான தாள் ஒன்றில் இதை மறுபடியும் பார்த்தபோது பொறுக்கவில்லை. முத்திரை என்பது குத்துவது. கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் உரியது. லேபிள் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது தொங்கும் துணிப்பட்டையைக் குறித்தது. பொருளோடு சேர்ந்தே இருப்பதுதான் அதன் குணம்.

‘நேரடி’ என்பதும் இங்கே உதவவில்லை. நேரடி என்றால் இடையில் ஆள் இல்லை என்று பொருள். இங்கே கேள்வி பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான்: கோட்டின் பக்கத்திலா, மூலையில் ஒரு பெட்டிக்குள்ளா? ஆங்கிலத்தில் லெஜெண்ட் எனப்படும் அந்தப் பெட்டிக்குக் ‘குறிவிளக்கம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கோட்டோடு நிற்கும் பெயரை நான் ‘உடன்பெயர்’ என்பேன். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று நமக்குப் பழகிய உடன்தான்.

சொல் ஏன் முக்கியம் என்றால், முத்திரை என்று படித்தவர் ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணைக் குத்திவிடுகிறார். மூன்று பள்ளிகளின் ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கையைக் கோட்டு வரைபடமாகப் போட்ட ஒரு தாளில் பதினைந்து எண்கள் நெரிந்தன. பின்னணியில் கட்டக்கோடுகள், வலப்பக்கம் குறிவிளக்கம். போட்டோஸ்டாட் எடுத்ததும் நிறம் போய், எந்தக் கோடு எந்தப் பள்ளி என்பதே தெரியவில்லை.

செய்ய வேண்டியது சிறிதுதான். எக்செலில் கோட்டைச் சொடுக்கி, பிறகு கடைசிப் புள்ளியை மட்டும் இன்னொரு முறை சொடுக்குங்கள். அதற்கு Data Label சேர்த்து `Series Name`, `Value` இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் வையுங்கள். எழுத்துக்கும் கோட்டின் நிறமே. வரைபடப் பகுதியின் வலது ஓரத்தை இடப்பக்கமாகச் சற்றுச் சுருக்கினால் பெயருக்கு இடம் கிடைக்கும். அப்புறம் குறிவிளக்கத்தையும் கட்டக்கோடுகளையும் அழித்துவிடலாம். கடைசி எண் கோட்டின் முனையிலேயே இருக்கிறதே, அதைத் தேடிக் கண் இடப்பக்க அச்சுக்குப் போக வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், இரண்டு கோடுகள் 138, 142 என்று அருகருகே முடியும்போது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே நகர்த்துங்கள். அப்போதும் குழம்பினால், கோடுகள் நன்றாக விலகியிருக்கும் நடுப்பகுதியில் பெயரை எழுதுங்கள். கோடுகள் பத்துப் பன்னிரண்டு என்றால் எல்லாவற்றுக்கும் உடன்பெயர் தாங்காது. பேச வேண்டிய ஒன்றிரண்டுக்கு நிறமும் பெயரும் கொடுத்து, மற்றவற்றைச் சாம்பலாக விடலாம். வாசகர் இடையிலுள்ள ஆண்டுகளின் அளவையும் படிக்க வேண்டும் என்றால் கட்டக்கோடுகளை முழுக்க அழிக்காமல் வெளிறலாக வைத்திருப்பதே சரி.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் கிடைத்த முதல் சொல்லை எடுப்பதற்கு முன், அந்தப் பொருள் தாளில் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். லெஜெண்ட் என்பதைப் ‘புராணம்’ என்று எழுதியவர்களும் உண்டு. லத்தீனில் அது ‘படிக்க வேண்டியவை’ என்பதுதான். புனிதர் கதைகளுக்குப் பெயரானது பிறகு. வரைபடத்தின் மூலையில் யாருடைய புராணம் இருக்கிறது?