லோகோ அப்புறம் போடலாம், முதலில் கடைக்கு ஒரே பெயர் வையுங்கள்

இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டுவிட்டார். “ப்ரோ, நம்ம டெய்லர் கடைக்கு ஒரு லோகோ போட்டுக் குடுங்க. கத்தரியும் ஊசியும் வர்ற மாதிரி, கோல்டு கலர்ல.” கடையின் பெயர் என்ன என்று கேட்டேன். இரண்டு பெயரை அனுப்பி, “எதுனாலும் ஓகே” என்றார். எதுனாலும் ஓகே என்றால் லோகோ எதற்கு?

மதுரையில் சிறு கடைகளுக்குப் போர்டு, பில் புக், பை, லேபிள் என்று வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். லோகோ என்று ஒரு படம் வந்துவிட்டால் கடைக்குக் களை வந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். வராது. வாடிக்கையாளர் உங்கள் கடையை மொத்தமாக ஒரே நாளில் பார்ப்பதில்லை. ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து போர்டு கண்ணில் படும். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் கையில் உங்கள் பை இருக்கும். பிறகு எப்போதோ தீபாவளிக்கு முன்னால் மேப்பில் தேடுவார். மூன்றும் ஒரே கடைதான் என்று யோசிக்காமலே அவருக்குத் தெரிய வேண்டும். அடையாளம் என்பது அவ்வளவுதான். கத்தரியும் ஊசியும் நூல்கண்டும் இந்த வேலையைச் செய்யாது. அது தையல் கடை என்று மட்டும்தான் அவை சொல்லும். எந்தத் தையல் கடை என்று சொல்லாது. அதே தெருவில் உள்ள மற்றக் கடைகளிலும் அதே கத்தரிதான் தொங்குகிறது.

அந்தக் காலத்தில் மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மிஷினும் ஆளும் தூண் ஓரத்தில் கண்முன்னே இருந்ததால், பார்த்தவுடன் ஆளைத் தெரிந்துகொண்டார்கள். இப்போது ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் போனில் பெயரைப் பார்க்கிறார்கள்.

சரி, ஒரு கடையில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடை நடத்தும் அக்காவின் மகள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அடி முகப்பு, இரண்டு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக், வெட்டுவதற்கு ஒரு மேசை. அவ்வளவுதான் கடை. லோகோ கேட்டுத்தான் அவரும் வந்தார். “அக்கா, கடைப் பெயர் போட்ட பொருள் எது இருந்தாலும் மேசையில் கொண்டுவந்து வையுங்க” என்றேன்.

ஃப்ளெக்ஸ் போர்டில் மகள் பெயரோடு ‘லேடீஸ் டெய்லர்’. பில் புக்கில் அதே பெயரோடு ‘ஃபேஷன்ஸ்’. அக்காவின் தம்பி போட்டுக் கொடுத்த விசிட்டிங் கார்டில் ‘டிசைனர் பொட்டிக்’. மேப்பில் இரண்டு பதிவுகள்: ஒன்று யாரோ வாடிக்கையாளர் சேர்த்தது, இன்னொன்று மகள் சேர்த்தது, இரண்டுக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. க்யூஆர் ஸ்கேன் செய்தால் அக்காவின் கணவர் பெயர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, “இது யாருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புகிறார்களாம். போர்டில் ரோஸும் வயலெட்டும், கார்டில் தங்கம், பில்லில் கிளிப்பச்சை. போர்டில் இருந்த இரண்டு போன் நம்பரில் ஒன்று செத்துப்போனது.

அதோடு, பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ® வேறு. பிரிண்டிங் கடைப் பையன் அழகுக்குப் போட்டிருக்கிறான். பதிவு செய்யாத பெயருக்கு அந்தக் குறியைப் போடுவது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி அபராதம் வரை போகக்கூடிய தவறு. உங்கள் போர்டிலும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பெயரை முடிவு செய்ய அளவு நோட்டையும் பில் கட்டையும் புரட்டினோம். கடைப் பிரதி ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளரின் துணியில் ஒரு துண்டு வெட்டி ஸ்டேப்ளர் அடித்திருந்தார். ஏறக்குறைய எல்லாமே பிளவுஸ் துணி, அதற்கேற்ற லைனிங். போர்டிலோ சுடிதார், ஃபிராக், திரைச்சீலை, ஆரி வேலை, பிகோ, ஃபால்ஸ், தலையணை உறை என்று ஒரு பட்டியலே இருந்தது. “திரைச்சீலை கடைசியா எப்ப தைச்சீங்க?” என்றேன். சிரித்தார். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு யாரும் கடைக்குள் வருவதில்லை. பஸ்ஸில் போகிறவருக்கு அத்தனையும் படிக்க நேரமும் கிடையாது. மகள் பெயர், அதன் கீழே ‘பிளவுஸ் தையலகம்’. இதை மட்டும் வைத்தோம். பொட்டிக் போனதில் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சுடிதார் கேட்டு வருபவருக்கு அக்கா இன்றும் தைத்துக் கொடுக்கிறார். போர்டில் இல்லை என்பதற்காக யாரும் திரும்பிப் போகவில்லை.

பெயர் முடிவான கையோடு பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் காகிதம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம், அதற்கு ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தச் சான்றிதழில் இதே பெயரைப் போட்டு, அதைக் கொண்டு வங்கியில் கடைப் பெயரிலேயே கரன்ட் அக்கவுன்ட் திறந்தார். வங்கி கேட்கும் மற்றக் காகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வருகிறது. மேப்பில் கடையை உரிமை கோரி, இரட்டைப் பதிவைப் புகார் செய்து நீக்க வைத்தோம். அங்கே பெயர்க் கட்டத்தில் போர்டில் இருக்கும் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். ‘மதுரை பெஸ்ட் பிளவுஸ் டெய்லர்’ என்றெல்லாம் ஒட்டினால் கூகுள் பதிவையே முடக்கிவிடலாம்.

அப்புறம்தான் நிறம். “உங்களுக்குப் பிடிச்ச கலர் எது?” என்று நான் கேட்பதே இல்லை. தெருவில் இறங்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் மருந்துக் கடை, பச்சை. மறுபக்கம் செல்போன் கடை, நீலமும் மஞ்சளும். எதிரே டீக்கடை, பளீர் சிவப்பு. யாரிடமும் இல்லாதது அரக்கு. அரைவெள்ளைப் பின்னணியில் அரக்கு எழுத்து, அது மட்டும்தான், இரண்டாவது மை கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப், பில் புக், பையில் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாமே ஒரு மையில் முடிந்தால்தான் மலிவு. தங்க நிறத்தில் 3டி லோகோ போட்டவர் ஸ்டாம்ப் செய்யப் போகும்போதுதான் விழிப்பார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரக்கு நிறத்தை ஃப்ளெக்ஸில் அடித்தால் அதில் பெரும்பங்கு மெஜன்டாவும் மஞ்சளும். வெயிலில் முதலில் வெளுப்பவை அந்த இரண்டும்தான். பழைய ஃப்ளெக்ஸ் போர்டில் நடிகைகளின் முகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் அதுதான். (அந்த நடிகைகளின் படத்தை யாரிடம் அனுமதி வாங்கிப் போட்டீர்கள் என்பது தனிக் கதை.) அதனால் நிறத்தை முடிவு செய்யும்போதே எதில் எழுதுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் கடை என்பதால், தகரத்தில் எனாமல் பெயின்டால் போர்டு எழுதும் ஓவியரை வைத்து எழுதினோம். ஃப்ளெக்ஸைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் எனாமல் மங்கினால் அதே டப்பா எண்ணை வைத்து மறுபடி தீட்டலாம்.

எழுத்தின் அளவுக்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். எதிர்ச்சாரி நாற்பதடி, அப்படியானால் நாலங்குலம் போதும் என்று தோன்றும். நடந்து போகிறவருக்குப் போதும், பஸ்ஸில் போகிறவருக்குப் போதாது. இரண்டு மடங்கு வைத்தோம். தமிழில் அளக்கும்போது ப, ம போன்ற எழுத்தின் உடலை அளக்க வேண்டும். மேலே ஏறும் வளைவையும் கீழே இறங்கும் சுழியையும் சேர்த்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஃப்ளெக்ஸ் கடைகளில் எழுத்தை இழுத்து அகலப்படுத்தி, சுற்றிலும் மூன்று வண்ணக் கரை கட்டுவார்கள். கரை தடித்தால் புள்ளி மூழ்கிவிடும். அக்காவின் பழைய போர்டில் ‘டெய்லர்’ என்பது தூரத்திலிருந்து ‘டெயலர’ என்றுதான் தெரிந்தது. Mukta Malar, Hind Madurai மாதிரி நல்ல தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இழுக்காமல் அப்படியே வையுங்கள். ஆங்கிலமும் வேண்டுமென்றால் தமிழுக்குக் கீழே, சிறிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவில் எழுத அரசு விதியே இருக்கிறது, தமிழுக்குத்தான் முதல் பங்கு.

பைக்கு வெளியே அலையவில்லை. நான்வோவன் பை 2019 முதல் இங்கே தடையில் இருக்கிறது, துணி மாதிரித் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக்தான். காடாத் துணியில் அக்காவே பை தைத்து, அரக்கு மையில் பெயரை மட்டும் அடித்தோம். பிளவுஸின் உள்கழுத்தில் வைக்கும் லேபிளிலும் அதே பெயர், அதே எழுத்துரு. கழுத்து லேபிளைப் பலர் வீண்செலவு என்கிறார்கள். கல்யாண வீட்டில் “எங்க தைச்சே?” என்று கேட்டவுடன் கழுத்தை மடித்துக் காட்டுவதைப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

வியாபாரம் கூடியதா என்று கேட்பீர்கள். வழி கேட்டு வரும் போன் குறைந்தது, பணம் அனுப்பும்போது கேள்வி இல்லை என்கிறார் அக்கா. அதற்கு மேல் நான் எதையும் உரிமை கொண்டாட மாட்டேன். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காவிட்டால் எந்தப் போர்டும் காப்பாற்றாது.

இன்னும் ஒரு பிடுங்கல் இருக்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் தம்பி போன் ஆப்பில் ஒரு வாழ்த்துப் படம் செய்து, வாட்ஸ்அப் டிபியையே மாற்றிவிடுகிறார். பொங்கலுக்குக் கடை கரும்பாகிவிடுகிறது, தீபாவளிக்குப் பட்டாசாகிவிடுகிறது. தயவுசெய்து டிபியைத் தொடாதீர்கள். வாழ்த்தை ஸ்டேட்டஸில் போடுங்கள். அதிலும் கீழே அதே அரக்குப் பட்டை, அதே பெயர் இருக்கட்டும்.

வேலை முடிந்து காசு கொடுக்கும்போது வடிவமைப்பாளரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தை கர்வாக, அதாவது எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலும் மாறாமல் திறக்கும் வடிவமாக மாற்றிய பிடிஎஃப் ஒன்று, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று, நிற எண்ணும் பெயின்ட் டப்பா எண்ணும் எழுதிய தாள் ஒன்று. அவற்றை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு பிரிண்டிங் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், அடுத்த முறை வேறு கடைக்குப் போகும்போது போர்டை போட்டோ எடுத்துக் கொடுப்பீர்கள். அவர் அதைப் பார்த்துக் கையில் கிடைத்த எழுத்துருவில் புதிதாகச் செய்வார், கூடவே ஒரு கத்தரியும் வைப்பார்.