ஸ்க்ரம்மை மட்டும் எண்ணாதீர்கள், அடுத்த ரக்கையும் எண்ணுங்கள்

மறுபடியும் அதே தாள். பாலக்கோடு பக்கம் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கும் ஒரு தம்பி, தோற்ற ஆட்டத்தின் கணக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் கட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம், நம்முடையது ஏழு, ஏழிலும் பந்து நமக்கே. ஓரக்கோட்டிலிருந்து இரு வரிசைக்கு நடுவே பந்தை எறியும் லைன்அவுட் பத்து, ஒன்பது நமக்கு. அடியில் ஒரு வரி: "சார், எல்லாம் சரியாத்தான் பண்ணோம், எப்படித் தோத்தோம்னே புரியல."

தர்மபுரியிலும் ஒசூரிலும் இந்த மாதிரித் தாள்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர்கள், பழைய வீரர்கள், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்று யாரிடம் கேட்டாலும் ஸ்க்ரம், லைன்அவுட் இரண்டிலும் பந்து நமக்கு வந்த சதவீதத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தாளில் இருப்பதில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரிய சர்வதேச ஆட்டங்களிலேயே ஓர் அணி தன் பந்தைப் போடும் ஸ்க்ரம் பெரும்பாலும் பத்துக்கும் குறைவுதான். லைன்அவுட் ஒரு டஜனை ஒட்டி வரும். ஆனால் ரக், அதாவது டாக்கிள் விழுந்த இடத்தில் இரு அணியும் பந்துக்கு மேல் நின்று தள்ளும் அந்த மோதல், பந்தை அதிகம் கையில் வைத்து ஆடும் அணிக்கு எண்பதைத் தாண்டும். பத்து லைன்அவுட்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் பத்து மாறிவிடும். அந்த ஒரு பந்தை வைத்து "லைன்அவுட் முன்னேறிவிட்டது" என்று முடிவு கட்டுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. இந்தச் சதவீதம் ஏறினால் ஆட்டம் முன்னேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், ஆனால் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தாலே அது ஏறிவிடும். லைன்அவுட்டில் ஒவ்வொரு முறையும் வரிசையின் முன்னால் நிற்பவனுக்கே எறிந்தால் பந்து பெரும்பாலும் நம் கைக்கு வந்துவிடும். எறியும் தூரம் குறைவு, எதிராளி எம்பிப் பிடிக்க நேரமும் குறைவு. ஆனால் அந்தப் பந்து மைதானத்தின் ஓரத்திலேயே கிடக்கிறது. அங்கிருந்து நடு மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எதிரணியின் பின்கள ஆட்டக்காரர்கள் முன்னேறி வந்துவிடுவார்கள். வரிசையின் வால்பக்கம் எறிவது கஷ்டம், பறிபோகும் வாய்ப்பும் கூடுதல், ஆனால் பிடித்துவிட்டால் பந்து நடு மைதானத்துக்கு ஒரே பாஸில் போய்விடும். தாளில் இரண்டுக்கும் ஒரே டிக்தான். ஸ்க்ரம்மும் அப்படியே. நம் முன்வரிசை பின்னால் சறுக்கிக்கொண்டிருக்க, எட்டாம் எண் ஆட்டக்காரர் காலடியில் தடுமாறும் பந்தைப் பொறுக்கித் தப்பித்தால் அதுவும் "வெற்றி"தான்.

ஸ்க்ரம்மும் லைன்அவுட்டும் நமக்குக் கொடுக்கும் உண்மையான சொத்து இடம். லைன்அவுட்டில் நிற்காத எதிரணி ஆட்டக்காரர்கள் பத்து மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்க்ரம்மில் பின்கள ஆட்டக்காரர்கள் ஸ்க்ரம்மில் நிற்கும் தம் ஆட்களின் கடைசிக் காலிலிருந்து ஐந்து மீட்டர் பின்னால். கனத்த ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கிறார்கள். ஆட்டத்தில் இவ்வளவு காலி இடம் வேறு நேரத்தில் கிடைப்பது அரிது. முதல் டாக்கிள் விழுந்து முதல் ரக்கில் பந்து எத்தனை நொடியில் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடம் நமக்கு மிஞ்சுகிறது, அல்லது போய்விடுகிறது.

அந்தத் தம்பியிடம் வீடியோ கேட்டு வாங்கினேன். எதிரணியின் 22 மீட்டர் கோட்டருகே நம் லைன்அவுட். முன்னால் நிற்பவன் பிடித்தான், தாளில் டிக். பந்து அதை எடுத்துப் பாஸ் கொடுக்கும் ஸ்க்ரம்ஹாஃபுக்கு, அவனிடமிருந்து பன்னிரண்டாம் எண் பையனுக்கு. அவன் நேராக ஓடி டாக்கிள் வாங்கினான். விழுந்த பிறகும் முட்டியை ஊன்றி, உடம்பை முறுக்கி, இன்னும் அரை மீட்டருக்காக முன்னால் நெளிகிறான். இரண்டு நொடி போய்விட்டது. பந்து அவன் வயிற்றுக்கு அடியில். எதிராளி ஒருவன் மேலே கை வைக்க, அவனை விலக்க நம்மில் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். பந்து வெளியே வரும்போது ஏழாவது நொடி. வீடியோவை அங்கே நிறுத்திப் பார்த்தால், திறந்த பக்கத்தில் எதிரணி ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள், நம் பக்கம் பாஸ் வாங்க நான்கு பேர். அடுத்த ரக் ஆறு நொடி. அதற்கடுத்ததில் பந்தை விடவில்லை என்று நடுவர் பெனால்டி கொடுத்துவிட்டார்.

அதே ஆட்டத்தில் நடு மைதானத்தில் ஒரு ஸ்க்ரம். நம் ஆட்கள் கொஞ்சம் பின்னால்தான் போனார்கள். ஆனாலும் பந்து வெளியே வந்து பதின்மூன்றாம் எண்ணிடம் சேர்ந்தது. அவன் இரண்டு பேருக்கு இடையில் புகுந்து பத்து மீட்டர் போய் விழுந்தான், விழுந்த கையோடு உடம்பைத் திருப்பிப் பந்தை நம் பக்கம் நீட்டி வைத்தான், மூன்று நொடிக்குள் பந்து வெளியே. டாக்கிள் செய்தவன் இன்னும் தரையில். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டே பாஸ், ட்ரை. இதற்கும் தாளில் அதே டிக்!

மூன்று நொடி என்பது பயிற்சியாளர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவுகோல். மூன்றுக்குள் வந்தால் வேகம், ஆறைத் தாண்டினால் மெதுவு. தடுப்பவர்கள் கடைசிக் காலுக்குப் பின்னால் வந்து, ரக்கின் மறுபக்கத்துக்கு ஆளை அனுப்பி, யார் யாரைப் பிடிப்பது என்று கத்திச் சொல்லி, முன்னேறி வர வேண்டும். ஐந்து ஆறு நொடி கொடுத்தால் இதெல்லாம் நிதானமாக நடந்துவிடும்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டங்களில் இதுதான் பெரிய காரணம். நம் பையன்கள் கபடியிலிருந்து வருகிறார்கள். டாக்கிளுக்குப் பயப்படவே மாட்டார்கள், அதற்காக நான் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனால் பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டைத் தொடத் துடிப்பது கபடியில் நல்ல பழக்கம், அதற்குப் புள்ளி உண்டு. ரக்பியில் பிடிபட்டுத் தரையில் விழுந்தவன் உடனே பந்தை விட வேண்டும், இல்லை வைக்க வேண்டும், இல்லை பாஸ் கொடுக்க வேண்டும். அங்கே நெளிவது நேரத்தையும் தின்னும், பெனால்டியும் வாங்கித்தரும். பழகிய உடம்பு சொன்னால் மாறாது. ஒவ்வொரு பயிற்சியிலும் விழு, திரும்பு, கையை நீட்டி வை என்று செய்யவைத்தால்தான் மாறும். கோடையில் தரை கல் மாதிரி இருக்கும்போது தயவுசெய்து புல் உள்ள மூலையில் செய்யுங்கள். முழங்கை தேய்ந்த பையன் அடுத்த முறை விழும்போது பந்தைக் கவனிக்க மாட்டான், கையைத்தான் காப்பாற்றுவான்.

சரி, உடனே "வேகம் வேகம்" என்று ஓரத்தில் நின்று கத்த ஆரம்பித்துவிடாதீர்கள். ரக் வேகமாக இருந்ததால் முன்னேறினோமா, முன்னேறினதால் ரக் வேகமாக வந்ததா? இரண்டும்தான். பின்னால் தள்ளப்பட்டு விழுந்தவனிடமிருந்து மூன்று நொடியில் பந்து வராது, எவ்வளவு கத்தினாலும் வராது. அவனுக்குப் பாஸ் எங்கே கொடுத்தோம், நின்றபடி வாங்கினானா ஓடிவந்து வாங்கினானா என்று அங்கே போய்ப் பாருங்கள். அப்புறம், உயர உதைப்பதற்காக ஸ்க்ரம்ஹாஃப் வேண்டுமென்றே காத்திருக்கும் ரக்குகளைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

2023 உலகக் கோப்பையில் அயர்லாந்து இரண்டு பக்கத்தையும் காட்டியது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆரம்பத்திலேயே தன் லைன்அவுட்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தது, ஆனாலும் 13-8 என்று ஜெயித்தது. காலிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசியில் முப்பத்தேழு கட்டம், ஐந்து நிமிடத்துக்கும் மேல் பந்தை வைத்திருந்தது. அத்தனை ரக்கிலும் பந்து கைக்கு வந்தது, நியூசிலாந்தின் தடுப்பு வரிசை உடையவில்லை. கடைசி ரக்கில் நியூசிலாந்தின் சாம் வைட்லாக் பந்தில் கை வைத்துப் பெனால்டி வாங்கினார், அயர்லாந்து 28-24 என்று தோற்றது.

ஸ்க்ரம் முக்கியமில்லை என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஸ்க்ரம் முன்வரிசையில் வலதுபக்கம் நிற்கும் ப்ராப் கைல் சிங்க்ளர் ஆரம்பத்திலேயே அடிபட்டு வெளியேறினார். அதன் பிறகு தென்னாப்பிரிக்கா ஸ்க்ரம்மிலேயே பெனால்டி மேல் பெனால்டி வாங்கியது, பொல்லார்ட் ஆறு பெனால்டி உதைத்தார், 32-12. ஆனால் அது பெரியவர்கள் ஆட்டம். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. அங்கே தள்ளிச் சாதிக்கலாம் என்று வாரம் முழுக்க ஸ்க்ரம் பயிற்சி கொடுப்பது வீண்.

என்ன செய்யலாம்? செல்போன் வீடியோ போதும். விழுந்தவன் உடம்பு தரையைத் தொட்ட நேரத்தையும், ஸ்க்ரம்ஹாஃப் பந்தைத் தூக்கிய நேரத்தையும் குறியுங்கள். வேறு மாதிரி அளந்தாலும் பரவாயில்லை, நடுவில் மாற்றாதீர்கள். எல்லா ரக்கும் வேண்டாம், ஒவ்வொரு ஸ்க்ரம்முக்கும் லைன்அவுட்டுக்கும் பிறகு வரும் முதல் ரக்கை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: பந்தை எந்த இடத்தில் பிடித்தோம், எத்தனை நொடி, அடுத்து பந்தோடு ஓடியவன் ரக் நடந்த கோட்டைத் தாண்டினானா இல்லையா. நான்கைந்து ஆட்டம் சேர்ந்த பிறகு பாருங்கள், ஒரே ஆட்டத்தை வைத்துப் பையனைத் திட்டாதீர்கள்.

நொடி கூடினால், முதலில் உதவிக்கு வருபவனைப் பாருங்கள். டாக்கிள் விழும்போதே அவன் இரண்டு எட்டு தூரத்தில் இருக்க வேண்டும். விழுந்ததைப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பிப்பவன் எப்போதும் தாமதம்தான். ஸ்க்ரம்ஹாஃபையும் பாருங்கள். பந்தைத் தூக்கி, இரண்டு அடி பின்வாங்கி, அப்புறம் பாஸ் கொடுக்கும் வழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. ரக்கில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதில் போகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நொடியைக் குறைக்க வேண்டும் என்பதற்காகப் பையன்களைத் தலையை முன்னால் விட்டுப் பாயச் சொல்லாதீர்கள். கடைசிக் காலுக்குப் பின்னாலிருந்து, காலில் நின்றபடி, கையால் கட்டிப் பிடித்துத்தான் ரக்கில் சேர வேண்டும், அதுதான் விதி. பந்துக்கு மேல் குனிந்திருப்பவனின் கழுத்தைப் பிடித்து இழுப்பதும், தோளை மட்டும் கொடுத்து இடிப்பதும் எந்த வயதிலும் தப்பு. தலையில் அடிபட்ட மாதிரி சந்தேகம் வந்தால் அந்தப் பையனை அப்போதே வெளியே எடுங்கள், "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்று அவன் சொன்னாலும் அன்று திரும்ப இறக்காதீர்கள், வீட்டில் அப்பா அம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.