மடிப்பில் மறைந்த ஒரு வரி: மின்கட்டணப் படத்திலிருந்து ஸ்லாப் அட்டவணையைப் பதிவிடும்போது

தருமபுரியில் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் எனக்கு, கோடை முடிந்ததும் மின்கட்டணச் சீட்டின் படங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். தாங்களே எக்செலில் கணக்கிட்டுப் பார்த்த தொகையும் சீட்டில் உள்ள தொகையும் ஒத்துவராதவர்கள்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் பென்னாகரம் சாலைப் பக்கமிருந்து ஒரு வீட்டு உரிமையாளர் வந்தார். அவருடைய சீட்டில் முந்தைய ரீடிங் 18,642, இப்போதைய ரீடிங் 19,152, ஆகப் பயன்பாடு 510 யூனிட், தொகை 2,030 ரூபாய் என்று இருந்தது. அவருடைய கணக்கில் 1,805 ரூபாய்தான் வந்தது. "சார், 225 ரூபாய் கூடப் போட்டிருக்காங்க, மனு எழுதிக் கொடுங்க" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த தாள் என்பதால், மடிப்பு சரியாக 101ஆவது யூனிட்டில் தொடங்கும் வரியில் விழுந்து எழுத்து அழிந்திருந்தது. 401 முதல் 500 வரைக்கான 600 ரூபாயும், அதற்கு மேற்பட்ட 10 யூனிட்டுக்கான 80 ரூபாயும் தெளிவாகத் தெரிந்தன. மறைந்த பகுதியை அவர் தம்முடைய முந்தைய சீட்டைப் பார்த்து நிரப்பியிருந்தார். அந்த முறை அவருடைய பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தது. பிழை அங்கேதான் நுழைந்தது.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு உள்ளது ஒரே அட்டவணை அன்று, இரண்டு. 2022 செப்டம்பர் 10 முதல் 2024 ஜூன் 30 வரை நடைமுறையில் இருந்த விகிதத்தின்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு 2.25, அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் முதல் 100 இலவசமாகவே இருக்கும், ஆனால் 2.25 என்ற வரியே இல்லாமல் போய், 101 முதல் 400 வரை ஒரே வரியாக 4.50 ஆகிவிடும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டுபவர் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய். மீதி 225 ரூபாய், கீழே 100 யூனிட்டுக்கு விகிதம் மாறியதால் வருவது. அவர் சுட்டிக்காட்டிய வேறுபாடும் துல்லியமாக இதே 225தான்.

மறைந்த வரியை ஊகித்து நிரப்பத் தேவையில்லை; சீட்டிலிருந்தே மீட்கலாம். மொத்தம் 2,030இலிருந்து தெரியும் தொகைகளான 600ஐயும் 80ஐயும் கழித்தால் 1,350 மிஞ்சும். யூனிட்டுகளில் இலவச 100, அடுத்துத் தெரியும் 100, 10 ஆகியவற்றை 510இலிருந்து கழித்தால் 300 மிஞ்சும். 1,350ஐ 300ஆல் வகுத்தால் 4.50 வருகிறது. இது அட்டவணையில் உண்மையாகவே உள்ள விகிதம் என்பதால் சீட்டு சரி என்று நம்பலாம். அவர் கணக்குப்படி பார்த்தால் 1,125ஐ 300ஆல் வகுத்து 3.75 வந்திருக்கும், அது இரு விகிதங்களின் சராசரியே தவிர, எந்த ஸ்லாபின் விகிதமும் அன்று. மங்கிய படத்தில் 6ஆ 8ஆ என்று குழம்பும் வரிகளுக்கும் நான் இப்படித்தான் தொகையை யூனிட்டால் வகுத்துப் பார்ப்பேன்.

எக்செலில் இரண்டு அட்டவணைகளையும் தனித்தனியாக வைக்க வேண்டும். A நெடுவரிசையில் முந்தைய ஸ்லாபின் முடிவு, B-யில் இந்த ஸ்லாபின் முடிவு, C-யில் விகிதம், G1-இல் மொத்த யூனிட். கடைசி ஸ்லாபுக்கு முடிவாக 99999 என்று இடலாம். D-யில் யூனிட்டையும் E-யில் தொகையையும் இவ்வாறு பெறலாம்:

```
=MAX(0,MIN($G$1,B2)-A2)
=D2*C2
```

முதல் அட்டவணை 2 முதல் 5 வரையும், இரண்டாவது 9 முதல் 15 வரையும் உள்ள வரிசைகளில் இருந்தால், இறுதித் தொகை:

```
=IF($G$1<=500,SUM(E2:E5),SUM(E9:E15))
```

சீட்டில் 101–200 என்று அச்சிட்டிருப்பதால் பலர் A-யில் 101 என்றே இடுகிறார்கள். 200இலிருந்து 101ஐக் கழித்தால் 99. ஒவ்வொரு ஸ்லாபிலும் ஒரு யூனிட் காணாமல் போகும். 500 யூனிட்டுக்கு 1,725க்குப் பதிலாக 1,712.25 வரும். குறையும் 12.75 என்பது 2.25, 4.50, 6 ஆகிய விகிதங்களின் கூட்டுத்தொகை. இப்படி ஒரு வேறுபாடு வந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

விகிதத்தோடு 'ரூ' என்பதையும் சேர்த்து அடித்தால் அந்தக் கட்டம் எண்ணாக இராமல் எழுத்தாகிவிடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்து அதை அடையாளம் காணலாம்.

ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் அது எந்த நாளிலிருந்து செல்லும் என்பதை எழுதி வைப்பது என் வழக்கம். 2024 ஜூலை 1 முதல் விகிதங்கள் மீண்டும் மாறின. ஆகையால் மேலே தந்த எண்களை அதற்குப் பிந்தைய சீட்டுக்குப் பொருத்தக் கூடாது. அந்த வீட்டு உரிமையாளர் மனு எழுதவில்லை. தாளை நீவி, வெளிச்சத்தில் வைத்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தபோது, மடிப்புக்குள் 300 என்ற யூனிட்டும் 4.50 என்ற விகிதமும் மங்கலாகத் தெரிந்தன.