கழுவின பெயிண்ட் வாளியில் வாசனை திரும்பி வருவது ஏன்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயிண்ட் வாளியைச் சோப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். வாசனை சுத்தமாகப் போய்விட்டது. மூடி போட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மறுபடியும் அதே வாசனை. இதில் குடிதண்ணீர் பிடித்து வைக்கலாமா?"

வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் போன வாசனை ஏன் திரும்பி வந்தது என்று அவர் கவனித்திருக்கிறார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

உங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கும். சாம்பார் கொண்டுபோன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துப் பாருங்கள். எத்தனை தேய்த்தாலும் மஞ்சள் கறை போகாது. அதே சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றினால் ஒரு தடவை கழுவினாலே பளிச். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் லேசில் கரையாது. பிளாஸ்டிக்கும் எண்ணெய் ஜாதிதான். பெட்ரோலிய வாயுக்களிலிருந்து செய்தது. அதனால் அந்த நிறப்பொருளுக்குக் குழம்புத் தண்ணீரைவிட டப்பாவின் சுவர் சௌகரியமாகப் படுகிறது, உள்ளே போய்விடுகிறது. கறை டப்பாவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, டப்பாவுக்குள் கரைந்திருக்கிறது.

'திடப்பொருளுக்குள் எப்படிக் கரையும்?' என்று தோன்றலாம். பெயிண்ட் வாளியும் நீல டிரம்மும் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீனால் ஆனவை. இவற்றின் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள். சில இடங்களில் அடுக்கி வைத்த விறகு மாதிரி நெருக்கமாக இருக்கும். அங்கே எதுவும் நுழைய முடியாது. மற்ற இடங்களில் இடியாப்பச் சிக்கல்தான். அந்தச் சிக்கல் சும்மாவும் இருப்பதில்லை. அறை வெப்பத்திலேயே சங்கிலிகள் நெளிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நெளிவில் இம்மியளவு இடைவெளி திறக்கும், அடுத்த நெளிவில் மூடிக்கொள்ளும். திறந்த அந்தக் கணத்தில் பக்கத்தில் நிற்கும் சின்ன மூலக்கூறு ஒன்று டக்கென்று தாவிவிடும். கூட்டமான டவுன்பஸ்ஸில் இடம் விட விட ஆள் உள்ளே நகர்வது போலத்தான். எந்தத் திசையில் தாவுவது என்ற திட்டம் எதுவும் அதற்குக் கிடையாது. முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று தள்ளாடித் தள்ளாடியே சுவருக்குள் போய்ச் சேருகிறது.

இப்படித் தள்ளாடிப் போகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பெயிண்ட் கரைப்பான் போன்ற ஒரு சின்ன மூலக்கூறு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஎத்திலீன் சுவரைக் கடக்கத் தோராயமாக ஒன்றரை மாதம் ஆகும். கிடங்கிலும் கடையிலும் மாதக்கணக்கில் கிடந்த வாளியில் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்திருக்கும். சரி, நாம் கழுவுவது அரை மணி நேரம். அதே கணக்குப்படி அந்த நேரத்துக்குள் சுவரின் மேல்பக்கத்து 0.04 மில்லிமீட்டரிலிருந்துதான் ஏதாவது வெளியே வர முடியும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மீதி ஐம்பதில் நாற்பத்தொன்பது பங்கு சுவர் நாம் தேய்த்ததை அறியவே அறியாது.

வாசகருக்கு நடந்ததும் இதுதான். வெயிலில் வைத்தபோது மேற்பரப்பில் இருந்தவை ஆவியாகிப் போய்விட்டன, மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. அப்புறம் மூடி போட்டார். உள்ளே தங்கியிருந்தவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து, வெளியேற வழியில்லாமல் வாளிக்குள்ளேயே சேர்ந்தன. திறந்ததும் இரண்டு நாள் சேமிப்பு மொத்தமாக முகத்தில் அடித்தது. மூடிக்குப் பதில் தண்ணீர் இருந்திருந்தால் அது தண்ணீரில் சேர்ந்திருக்கும். எண்ணெயோ ஊறுகாயோ இருந்தால் இன்னும் மோசம். எண்ணெய் ஜாதி மூலக்கூறு தண்ணீருக்குள் வரத் தயங்கும், எண்ணெயைக் கண்டால் ஓடி வரும். சூடாக ஊற்றினால் சங்கிலிகள் வேகமாக நெளிந்து கதவை அகலத் திறந்துவிடும். ஆகவே பெயிண்ட் வாளியில் தண்ணீர் வைப்பது தவறென்றால், விசேஷ வீடுகளில் அதிலேயே கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றிப் பந்திக்குக் கொண்டுபோவது அதைவிடப் பெரிய தவறு.

மஞ்சள் நீரில் ஊறவைத்தால் நஞ்சு முறியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நஞ்சு முறியாது, மஞ்சளும் சேர்ந்து உள்ளே போகும். அவ்வளவுதான் பலன். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் பரவாயில்லை என்பதும் அதே ரகம்தான். அந்த எண் என்ன பிளாஸ்டிக் என்று சொல்லும், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று சொல்லாது.

வாசனையே இல்லையென்றால் பிழைத்தோமா? அதுவும் இல்லை. நம் மூக்குக்குச் சிக்காத பொருள்கள் நிறைய. பழைய பெயிண்டில் இருந்த ஈயத்துக்கு வாசனை கிடையாது. அது சுவருக்குள் நுழையாது, கீறல்களில் தூளாக உட்கார்ந்திருக்கும். (வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016இல்தான்.)

பூச்சிமருந்துக் கேனின் கதை வேறு. அங்கே சுவருக்குள் ஊறியதைவிட அடியில் தங்கியதே போதும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து 36 சதவீதக் கரைசலாக விற்கப்பட்டது. ஊற்றி முடித்த கேனில் 10 மில்லி ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் ஏறக்குறைய 3.6 கிராம் நஞ்சு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். தடயவியல் சோதனையில் மோனோகுரோட்டோபாஸ் உணவிலும் இருந்தது, சமையல் எண்ணெய் வைத்திருந்த கலனிலும் இருந்தது.

தகர எண்ணெய் டின்னுக்கு இந்த ஊறும் வியாதி இல்லை, உலோகத்துக்குள் எதுவும் தாவ முடியாது. அதன் தொல்லை மடிப்புகளில். அங்கே தங்கும் எண்ணெய் சிக்குப் பிடித்து, அடுத்து ஊற்றும் எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். உள்ளே வெள்ளீயப் பூச்சு கீறிய இடத்தில் துரு பிடிக்கும். ஒரு தடவை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைத்து விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. நன்றாகக் காயவைத்து அரிசியோ பருப்போ போட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீல டிரம்தான் சிக்கல். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது நானும் ஒன்று வாங்கினேன். முன்பு என்ன இருந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நல்லா கழுவினதுங்க" என்றார். கேட்டது ஒன்று, வந்த பதில் ஒன்று. குளுக்கோஸ் சிரப் வந்த டிரம் என்று லேபிளோடு காட்டினால் வாங்கலாம். லேபிள் சுரண்டப்பட்டிருந்தால் குளிக்கக்கூட வேண்டாம். சந்தையில் ஒரு டிரம்மைக் காட்டினால் அதில் என்ன ஊறியிருக்கிறது என்று சோதித்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகம், நூறு ரூபாய்க் கட்டணம் என்று வைத்தால் போதும். ராக்கெட்டுக்குச் செலவழிக்கும் நாட்டுக்கு இது முடியாத காரியமா என்று எனக்குப் புரியவில்லை.

பூச்சிமருந்து விதிகள் காலிக் கலன்களை உடைத்துப் புதைக்கச் சொல்கின்றன. மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதுதான் காரணம். திருப்பூர் வாசகரே, உங்கள் வாளியைப் புதைக்க வேண்டாம். சிமெண்ட் பூச்சுக்கு அடிக்கும் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லை மல்லிச் செடி வையுங்கள். எப்படியானாலும் அடியில் முதலில் நான்கு ஓட்டை போட்டுவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். சிமெண்ட் தண்ணீருக்கு அது ஆகாது. மல்லிச் செடியே வையுங்கள்.