‘வழக்கம் போல’ என்று எழுதிய நாள்

எங்கள் பள்ளியின் கட்டொழுங்கு அறையில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருக்கிறது. மாணவர் யாராவது தவறு செய்தால் பார்த்த ஆசிரியர் தேதி, பெயர், நடந்தது என்ன என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். ஒரு பையனை என்னிடம் அனுப்புவதற்கு முன்னாலேயே அவன் பக்கங்கள் என் மேசைக்கு வந்துவிடும். ‘படிச்சிட்டுப் பேசுங்க சார்’ என்பார்கள்.

தினேஷ் என்று வைத்துக்கொள்கிறேன். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். படிவம் இரண்டு, அதாவது இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, படிவம் ஒன்றுக்கு முன் மலாய் பழகும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்தவன் என்பதால், வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவன், ஒரு தலை உயரமும் கூட. நான்கு மாதத்தில் 11 குறிப்புகள். அவனோடு பேசுவதற்கு முன் அவற்றை வரிசையாகப் படித்தேன்.

முதல் மூன்றும் ஒரே மாதிரி. பாடம் நடக்கும்போது பக்கத்துப் பையனோடு பேசினான். வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை. இடைவேளை முடிந்து ஏழு நிமிடம் தாமதமாக வகுப்புக்கு வந்தான். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் யாரைப் பற்றியும் எழுதக்கூடிய வரிகள். நான்காவதில் ஒரு சிறு சொல் நுழைந்தது: ‘செப்பர்த்தி பியாசா’. வழக்கம் போல. ‘வழக்கம் போல வகுப்பைக் கலைத்தான்.’ ஐந்தாவதில் ‘இன்னும் திருந்தவில்லை’. ஏழாவதில் என்ன செய்தான் என்றே இல்லை, ‘டெகில்’ என்று மட்டும் இருந்தது. அடங்காதவன். கீழே கையெழுத்து.

முதல் மூன்றில் எழுதப்பட்டிருப்பது செயல். நான்காவதிலிருந்து எழுதப்பட்டிருப்பது ஆள். மூன்று குறிப்புகளிலிருந்து ஒரு ‘வழக்கம்’ எப்படிப் பிறந்தது என்று அந்த நோட்டில் எங்கும் இல்லை.

சமூகவியலில் இதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. குறியீட்டு இடைவினைக் கோட்பாடு என்பது அதன் பெயர். சிகாகோவில் பாடம் நடத்திய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் அடித்தளம் போட்டார். அவருடைய மாணவர் ஹெர்பர்ட் புளூமர் 1937-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். புளூமர் சொன்னதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் இவ்வளவுதான்: ஒரு பொருளோ செயலோ நமக்கு என்ன அர்த்தம் தருகிறதோ, அதன்படிதான் நாம் நடந்துகொள்கிறோம். அந்த அர்த்தம் பொருளுக்குள் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதில் உண்டாகிறது. வந்த அர்த்தத்தையும் நாம் அப்படியே விழுங்குவதில்லை, நமக்குள் எடைபோட்டு, திருப்பிப் பார்த்துத்தான் கையாள்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ரூலர்.

ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம். பலகையில் டீச்சர் எழுதிக்கொண்டிருக்கும்போது இரும்பு ரூலர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து சத்தம் போட்டது. இரண்டாம் வரிசையில் இருந்த பெண்ணின் மேசையிலிருந்து அது வழுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். டீச்சர் திரும்பினார். முப்பது தலைகளும் திரும்பின. எல்லாமே ஜன்னல் ஓரம் தினேஷ் இருந்த பக்கம். ரூலர் போட்ட பெண்ணும் அவனைத்தான் பார்த்தாள்! டீச்சர் எதுவும் சொல்லவில்லை, ஒரு பெருமூச்சு விட்டுப் பலகைக்குத் திரும்பிக்கொண்டார். தினேஷ் எழுந்து, வலது கையை மார்பில் வைத்து, மேடையில் செய்வதுபோல் குனிந்து வணக்கம் வைத்தான். வகுப்பே சிரித்தது. நோட்டில் ஒன்பதாவது குறிப்பு அதுதான்: ‘ரூலரைப் போட்டுக் கோமாளித்தனம் செய்தான்.’

சத்தம் ஒன்றுதான். அந்தப் பெண்ணின் பக்கம் தலைகள் திரும்பியிருந்தால் அதன் அர்த்தம் ‘கை தவறிவிட்டது’. தினேஷின் பக்கம் திரும்பியதால் ‘ஆரம்பிச்சுட்டான்’. அர்த்தம் ரூலரிலும் இல்லை, சத்தத்திலும் இல்லை. முப்பது கழுத்துகள் திரும்பிய திசையில் இருந்தது.

பிறகு என் அறையில் அவனிடம் கேட்டேன், நீ போடவில்லையே, ஏன் எழுந்தாய் என்று.

“எல்லாரும் பார்த்துட்டாங்க சார். அப்புறம் நான் போட்டா என்ன, போடாட்டி என்ன?”

சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதியது இதைத்தான். அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அவர் நம்மைப் பற்றி என்ன முடிவு செய்கிறார் என்று அடுத்துக் கற்பனை செய்கிறோம். அதிலிருந்து ஒரு பெருமையோ குறுகலோ வருகிறது. அடுத்தவர் முகமே நமக்குக் கண்ணாடி. மீட் இன்னும் ஒரு படி போனார். வளர வளர, தனித்தனி முகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பொதுப் பார்வையாக நமக்குள் வந்து குடியேறிவிடுகின்றன என்றார். தினேஷை வகுப்பு என்னவாக நினைக்கிறது என்பது, யாரும் இல்லாத நேரத்திலும் அவனுக்குத் தெரியும்.

என்னுடைய முகமும் அந்தக் கண்ணாடியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவன் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், மேசைமேல் இருந்த என் கைப்பேசியை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது சந்திப்பில் அவனே கேட்டான்: “ஃபோன் இன்னும் உள்ளதான் வைப்பீங்களா சார்?” இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்து என்ன பயன் என்று தோன்றியது.

ஆசிரியர்கள் ஒரு பையனைப் பற்றி எப்படி முடிவுக்கு வருகிறார்கள் என்பதை டேவிட் ஹார்கிரீவ்ஸ், இன்னும் இருவரோடு சேர்ந்து இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆராய்ந்து 1975-இல் எழுதினார். முதலில் ஊகம்: இவன் இந்த ரகமோ? பிறகு சரிபார்ப்பு: பார்ப்பதெல்லாம் அந்த ஊகத்தோடு பொருத்திப் பார்க்கப்படும். கடைசியில் உறைவு: இனி என்ன செய்தாலும் அவன் யார் என்று தெரியும். உறைந்த பிறகு, அவன் அமைதியாக இருந்தால்கூட ‘எதையோ திட்டம் போடுறான்’ என்று ஆகிவிடும். எங்கள் நோட்டில் நான்காவது குறிப்பு அந்த உறைவு தொடங்கிய இடம்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நடுவில் மாற்றலாகி ஒரு புவியியல் டீச்சர் வந்தார். முதல் இரண்டு வாரம் அவர் பாடத்தில் தினேஷ் மீது ஒரு குறிப்பும் இல்லை, வரைபடத்தைச் சுவரில் மாட்ட அவனைத்தான் கூப்பிடுவாராம், உயரமானவன் என்று. மூன்றாவது வாரம் ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் யாரோ அவரிடம், “இரண்டாம் படிவத்துல அந்த தினேஷ் இருக்கான்ல, ஜாக்கிரதை” என்றிருக்கிறார். நான்காவது வாரம் அவருடைய முதல் குறிப்பு வந்துவிட்டது. இது தற்செயலாகவும் இருக்கலாம், ஒரே ஒரு டீச்சரை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் உயரம் என்ற அதே விஷயம் முதலில் வரைபடம் மாட்டுவதற்கும், அப்புறம் ‘மற்றப் பிள்ளைகளை மிரட்டுகிறான்’ என்பதற்கும் பயன்பட்டதை நான் படித்தேன்.

நண்பர்கள் பக்கம் வேறு கணக்கு. ஆசிரியர்கள் கொடுத்த பெயர் அவனைக் குறைத்தது என்றால், பிள்ளைகள் கொடுத்த பெயர் அவனை உயர்த்தியது. ‘போஸ்’ என்றார்கள், தலைவன் என்ற அர்த்தத்தில். யாராவது மணி அடிப்பதற்கு முன்னால் சிற்றுண்டிச்சாலைக்கு ஓட வேண்டும் என்றால் தினேஷ். யார் டீச்சரிடம் எதிர்த்துக் கேட்பது என்றால் தினேஷ். புகுமுக வகுப்பு வழியாக ஒரு வருடம் பிந்தி வந்தவனுக்கு மலாயில் வாசிக்கச் சொன்னால் வியர்க்கும். குறும்புக்காரனாக இருப்பதற்கு வியர்க்க வேண்டியதில்லை, பாராட்டும் உடனே கிடைக்கும். சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் இந்த இடத்தைப் பிரித்துக் காட்டினார். முதலில் செய்யும் தவறு ஏதேதோ காரணத்தால் வரும், பெரும்பாலும் மறந்தும் போகும். பெயர் விழுந்த பிறகு, அந்தப் பெயருக்கு ஏற்றபடி செய்யும் தவறு வேறு ரகம். அவன் குனிந்து வைத்த வணக்கம் இரண்டாவது ரகம்.

அந்தப் பெயர் பள்ளி வாசலோடு நிற்கவில்லை. அம்மா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி கூப்பிட்டு மூன்று முறை வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறார். நான்காவது முறை என்னிடம், பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான் சார்” என்றார். தமிழ்ப்பள்ளி அறிக்கை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு வருடமும் நடத்தை ‘நன்று’. அம்மாவே கொஞ்ச நேரம் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோட்பாட்டால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. எட்டாவது குறிப்பில் அவன் ஒரு பையனை உண்மையிலேயே அடித்திருக்கிறான், உதடு கிழிந்தது. அதைப் பார்வையின் குற்றம் என்று சொன்னால் அடி வாங்கியவனுக்கு நியாயம் இல்லை. பெயர் வைத்தாலும் அதை ஏற்காத பிள்ளைகளும் உண்டு. ஆய்வாளர் மேரி ஃபுல்லர் லண்டன் பள்ளி ஒன்றில் பார்த்த கறுப்பினப் பெண்கள், தங்களைப் பற்றிய மட்டமான எண்ணத்துக்குப் பதிலடியாகவே படித்துத் தேறினார்கள். அதோடு, ஒரு வருடம் பிந்துவதும் மொழி மாறுவதும் அம்மாவின் ஷிப்டும் ஒரு பார்வையால் உண்டானவை அல்ல. புளூமரின் கண்ணாடிக்குள் அவை மங்கலாகத்தான் தெரியும்.

ஆனாலும் நோட்டை மாற்றலாம் என்று நினைத்தேன். கட்டொழுங்கு ஆசிரியர் மறுக்கவில்லை. ஒரே ஒரு விதி: கேமரா பதிவு செய்யக்கூடியதை மட்டும் எழுதுவது. ‘வழக்கம் போல’ கூடாது, ‘இன்னும்’ கூடாது, குணம் சொல்லும் சொல் எதுவும் கூடாது. கூட்டத்தில் கணக்கு டீச்சர் கோபப்பட்டார். “அப்போ நெஜமாவே செஞ்சா என்னன்னு எழுதறது?” இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். ‘10.40-க்கு ரூலர் விழுந்தது. யார் என்று பார்க்கவில்லை. தினேஷ் எழுந்து குனிந்தான். வகுப்பு சிரித்தது.’ எழுதி முடித்துவிட்டு அவர் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் நான்கு குறிப்புகள். குறைந்தது அவன் குறும்பா, எழுதுகிற பழக்கமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிள்ளைகள் வைத்திருக்கும் கணக்கை நோட்டு விதி தொடவே இல்லை. எது விழுந்தாலும் தலைகள் இன்னும் ஜன்னல் பக்கம்தான் திரும்புகின்றன. போன வாரம் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டதாம். தினேஷ் எழுந்திருக்கவில்லை. “நான் இல்ல டீச்சர்” என்று உட்கார்ந்தபடியே சொன்னானாம். யாரும் சிரிக்கவில்லை என்று கணக்கு டீச்சர் சொன்னார். அதை அவர் நோட்டில் எழுதவில்லை, எழுத அதில் இடமும் இல்லை.